வழக்கத்துக்கு மாறான ரிஸ்க்கை மூத்த அண்டர்ரைட்டருக்கு அனுப்புவது எப்படி: வடசென்னைக் கிளைகளில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் கிளையில் வேலைக்குச் சேர்ந்து, தீக் காப்பீட்டுப் பிரபோசல்களைக் கையாளத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மளிகைக் கிடங்கு, துணிக்கடை, லேத் பட்டறை போன்றவற்றுக்குக் கிளையிலேயே ரேட் போட்டுப் பாலிசி கொடுத்துவிடலாம். ஆனால் மணலி, விச்சூர், மாதவரம், எண்ணூர், மீஞ்சூர் என்று நீளும் நம் வட்டாரத்தில், கிளையின் அதிகாரத்துக்குள் அடங்காத சரக்கும் தொழிலும் அடிக்கடி வந்து நிற்கும். அப்போது மண்டல அலுவலகத்திலோ தலைமை அலுவலகத்திலோ உள்ள மூத்த அண்டர்ரைட்டருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி முடிவு கேட்க வேண்டும். இதைத்தான் ரெஃபரல் என்கிறோம். அந்த மின்னஞ்சலை எப்படி எழுதுவது என்று எனக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. மேலிடத்திலிருந்து திரும்பி வந்த கேள்விகளைச் சேர்த்து வைத்துத்தான் கற்றுக்கொண்டேன். அந்தக் கேள்விகளுக்கெல்லாம் முதல் மின்னஞ்சலிலேயே பதில் இருந்தால், இரண்டு வாரம் இழுக்கும் விஷயம் இரண்டு நாளில் முடிந்துவிடும்.

விளக்கத்துக்கு ஒரே ஒரு கேஸை எடுத்துக்கொள்கிறேன். அடையாளம் தெரியாதபடி எண்களையும் விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். விச்சூர் பக்கம் வாடகைக்கு எடுத்த இரண்டு ஷெட்டுகள். ‘எலெக்ட்ரிக்கல் பொருள்கள் கிடங்கு’ என்று பிரபோசலில் எழுதியிருந்தது. கேட்ட தொகை 15 கோடி ரூபாய். அதில் சரக்கு 14 கோடி, ரேக்குகளும் பிற சாமான்களும் 1 கோடி. கட்டடம் உரிமையாளருடையது, நம் காப்பீட்டில் வராது. உண்மையில் உள்ளே இருந்தது மின்சார ஆட்டோக்களுக்கான லித்தியம் அயான் பேட்டரி பேக்குகள்.

1. எழுத உட்காரும் முன் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

கையொப்பமிட்ட பிரபோசல் படிவமும் முந்தைய பாலிசியின் நகலும் எல்லோரும் வாங்குவதுதான். கடந்த ஐந்தாண்டு இழப்பீட்டு விவரத்தை முந்தைய காப்பீட்டு நிறுவனத்தின் கடிதமாக வாங்குங்கள். ‘நில் கிளெய்ம்’ என்று புரோக்கர் தன் மின்னஞ்சலில் ஒரு வரி எழுதுவதை மேலிடத்தில் ஆவணமாக ஏற்க மாட்டார்கள். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இருந்தால் அதில் எந்த உபயோகத்துக்காகக் கொடுக்கப்பட்டது என்ற வரியைப் படியுங்கள். சாதாரணக் கிடங்குக்கு என்று வாங்கிய சான்றைக் காட்டிப் பேட்டரி வைத்திருப்பவர்கள் உண்டு.

பலர் கேட்க மறப்பது, வங்கிக்கு மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட். சரக்கை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருக்கும் எந்த வியாபாரியிடமும் இது இருக்கும். பன்னிரண்டு மாதத்துக்கானதையும் வாங்கிப் பாருங்கள். நம் கேஸில் 14 கோடி என்பது ஆண்டுச் சராசரி என்றும், ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் முன்பு சரக்கு 22 கோடி வரை ஏறுகிறது என்றும் அதிலிருந்துதான் தெரிந்தது. தீ பிடிப்பது சராசரி நாளைப் பார்த்து வராது. செப்டம்பர் கடைசியில் பிடித்தால் இழப்பு 22 கோடி. பாலிசித் தொகையோ 14 கோடி. அப்போது குறைக் காப்பீடு என்று இழப்பீட்டைக் குறைப்பார்கள், வாடிக்கையாளர் நம் கிளை வாசலில் வந்து நிற்பார்.

பேட்டரிக்கென்று கூடுதலாக இரண்டு காகிதங்கள் வேண்டும். ஒன்று, தயாரிப்பாளர் தரும் யு.என். 38.3 சோதனைச் சுருக்கம். லித்தியம் பேட்டரி போக்குவரத்தின்போது அதிர்வு, வெப்பம், குறுக்குச்சுற்று போன்றவற்றைத் தாங்குமா என்று பார்க்கும் சோதனை இது. மற்றொன்று, இரண்டு, மூன்று சக்கர மின்வாகனங்களின் பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 தரச் சான்று. இவை இருந்தால் சரக்கு தரமானது என்று ஓரளவு சொல்லலாம். ஆனால் இரண்டும் புதிய பேட்டரியைப் பற்றித்தான் பேசுகின்றன. பழுதாகித் திரும்பி வந்ததைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகும்.

2. இடத்தை நேரில் பார்ப்பது

மேசையில் உட்கார்ந்து எழுதிய ரெஃபரல் எதுவும் இந்த மாதிரி ரிஸ்க்குக்கு உதவாது. முறையான ரிஸ்க் இன்ஸ்பெக்ஷன் பொறியாளர் வருவதற்கு நாளாகும், அவர் அறிக்கை வருவதற்கு மேலும் இரண்டு மூன்று நாளாகும், அவருக்கான கட்டணமும் நிறுவனத்தின் செலவு. அதற்குக் காத்திருக்காமல் முதலில் நீங்களே ஒரு முறை போய்வாருங்கள். கிளையிலிருந்து விச்சூர் போய்வர அரை நாள் ஆகும். மணலிச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நேரமாகப் பார்த்துப் போவது நல்லது. தீயணைப்பு வண்டி அதே சாலையில்தான் வர வேண்டும். நிலையம் எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுவதைவிட, நெரிசல் நேரத்தில் எத்தனை நிமிடம் என்று எழுதுவது பயன்படும்.

உள்ளே போனதும் ரேக்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். நம் கேஸில் முதல் ஷெட்டில் புதிய பேக்குகள், அட்டைப் பெட்டியில், ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. இரண்டாவது ஷெட்டில் சார்ஜர்களும் உதிரிபாகங்களும் என்று சொன்னார்கள். அங்கே மேற்குச் சுவரோரம், நீலத் தார்ப்பாய்க்கு அடியில், வாரண்டியில் திரும்பி வந்த பேக்குகள் சுமார் 180 குவிந்திருந்தன. சிலவற்றின் உறை உப்பியிருந்தது. ஒன்றின் முனையில் இன்சுலேஷன் டேப் இல்லாமல் செம்பு தெரிந்தது. இதைப் பற்றிப் பிரபோசலில் ஒரு சொல்கூட இல்லை. விசாரித்தபோது, ‘அது சரக்கே இல்லைங்க, கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டியது’ என்று கிடங்கு மேலாளர் சொன்னார். சரக்கோ இல்லையோ, தீ அங்கேதான் தொடங்கும்.

அது ஏன் என்பதை மேலிடத்துக்கு விளக்கும் அளவுக்காவது நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். லித்தியம் செல் ஒன்று உள்ளுக்குள் பழுதாகிச் சூடேறினால், இரு மின்முனைகளுக்கும் நடுவிலுள்ள மெல்லிய தடுப்பு உருகிக் குறுக்குச்சுற்று ஏற்படும். அந்தச் சூடு பக்கத்துச் செல்லையும் அதே நிலைக்குத் தள்ளும். இதைத்தான் தெர்மல் ரன்அவே என்கிறார்கள். ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு போன்ற எரியக்கூடிய வாயுக்களும், நச்சான ஹைட்ரஜன் ஃபுளோரைடும் வெளிவரும். பவுடர் அல்லது கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் மேலே தெரியும் சுடரை அடக்கும். உள்ளே ஓடும் வேதிவினையை நிறுத்தாது. நிறையத் தண்ணீரால் குளிர்விப்பதுதான் வழி. அணைந்ததாக நினைத்தது பல மணி நேரம் கழித்து, சில சமயம் நாள்கள் கழித்தும், மீண்டும் எரியும். சார்ஜ் அதிகமாக இருக்கும் செல் அதிக வேகத்தோடு எரியும் என்பதால்தான், தனியாக அனுப்பப்படும் லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் ஏற்ற 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் கூடாது என்று விதி இருக்கிறது. திரும்பி வந்த பேக்குகளில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

வெளியே வந்ததும் இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது வெள்ளம். பூண்டியில் உபரிநீர் திறந்தால் கொசஸ்தலையாறு பெருகி மணலி புதுநகர் மூழ்குவதை 2015இலும் 2021இலும் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் பெரும்பகுதி தண்ணீரில் நின்றது. கிடங்கு வாட்ச்மேனையும் எதிரிலுள்ள டீக்கடைக்காரரையும் கேளுங்கள். நம் கேஸில் பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை ஓர் ஆளின் தொடையளவு உயரத்தில் இருந்தது. கீழ்த்தட்டுப் பேலட்டுகள் தரையிலிருந்து ஆறு அங்குலம்தான். பேட்டரிக்குள் தண்ணீர், அதிலும் உப்புத் தண்ணீர், புகுந்தால் குறுக்குச்சுற்று உண்டாகி, வெள்ளம் வடிந்த பிறகு தீப்பிடிக்கலாம். நனைந்த பேக்கைத் தயாரிப்பாளர் வாரண்டிக்கு ஏற்கவும் மாட்டார் என்பதால், நனைந்தது எல்லாம் முழு இழப்பு என்றே கணக்கிட வேண்டும்.

இரண்டாவது, பக்கத்துக் கிடங்கில் என்ன இருக்கிறது என்பது. நம் பகுதியில் இந்தக் கேள்வியை விடவே கூடாது. சுங்கத் துறை 2015இல் பறிமுதல் செய்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் இருந்தது. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் வெடிவிபத்து நடந்த பிறகுதான் அது அங்கிருந்து அகற்றப்பட்டது. அத்தனை ஆண்டுகள் சுற்றியிருந்த கிடங்குகளின் பிரபோசல்களில் ‘அருகில் ஆபத்தான சரக்கு இல்லை’ என்று எத்தனை பேர் டிக் அடித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

3. ஒரே சம்பவத்தில் எவ்வளவு போகும் என்று கணக்கிடுவது

மூத்த அண்டர்ரைட்டர் உங்கள் மின்னஞ்சலில் முதலில் தேடும் எண் பிரீமியம் அல்ல, பி.எம்.எல்.; அதாவது ஒரே சம்பவத்தில் அதிகபட்சமாகப் போகக்கூடிய தொகை. இரண்டு ஷெட் இருப்பதால் பாதிதான் போகும் என்று எழுதினால் உடனே ஒரு கேள்வி திரும்பி வரும்: நடுவில் எத்தனை மீட்டர்?

நம் கேஸில் முதல் ஷெட்டில் 10 கோடி, இரண்டாவதில் 4 கோடி. தாளில் பார்த்தால் அதிகபட்சம் 10 கோடி என்று தோன்றும். ஆனால் இரண்டுக்கும் நடுவே மூன்று மீட்டர்தான் இடைவெளி. அதையும் சரக்கு இறக்க வசதியாகத் தகரக் கூரை போட்டு மூடி, காலி மரப் பேலட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். தீத்தடுப்புச் சுவர் இல்லை, ஸ்பிரிங்க்ளர் இல்லை. ஆகவே இரண்டும் சேர்ந்து ஒரே ஷெட் என்றுதான் கொள்ள வேண்டும். உச்சக் காலச் சரக்கு 22 கோடியும் ரேக்குகள் 1 கோடியும் சேர்த்து 23 கோடி. பி.எம்.எல். 23 கோடி, நூறு சதவீதம்.

இதைக் குறைத்துக் காட்டினால் ரிஸ்க் எளிதாக ஏற்கப்படும் என்று சிலர் புதியவர்களிடம் சொல்வார்கள். கேட்காதீர்கள். இந்த எண்ணை வைத்துத்தான் நிறுவனம் எவ்வளவு தன் கணக்கில் வைத்துக்கொள்வது, எவ்வளவு ரீஇன்சூரன்ஸுக்கு, அதாவது மறுகாப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்புக்கு, அனுப்புவது என்று தீர்மானிக்கிறார்கள். குறைத்துச் சொன்ன எண், தீ விபத்து நடந்த மறுநாள் நிறுவனத்தின் சொந்தப் பணமாக வெளியே போகும்.

4. தலைப்பு வரியும் முதல் பத்தியும்

‘உங்கள் மேலான பார்வைக்கு’ என்று தலைப்பு வைத்த மின்னஞ்சல் அவர் பெட்டியில் ஏற்கெனவே ஐம்பது இருக்கும். தலைப்பு வரியிலேயே சரக்கு, இடம், தொகை, கேட்பது, கெடு ஆகியவை இருக்கட்டும். முதல் பத்தி மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது. அதில் நீங்கள் எந்த முடிவைக் கேட்கிறீர்கள், ஏன் உங்களால் முடிவெடுக்க முடியவில்லை, எப்போதுக்குள் வேண்டும் என்பது தெரிய வேண்டும். கம்பெனியின் வரலாறு, புரோக்கருடன் உள்ள நல்லுறவு, அவர்கள் வேறு என்ன பிசினஸ் தருவார்கள் என்பதையெல்லாம் முதல் பத்தியில் வைத்தால், படிப்பவருக்கு நீங்கள் எதையோ விற்கிறீர்கள் என்ற சந்தேகம் வரும்.

ஏன் கிளையால் முடியவில்லை என்பதைத் துல்லியமாகச் சொல்லுங்கள். தொகை கிளை வரம்பைத் தாண்டியதாலா, தொழில்வகை ரெஃபரல் பட்டியலில் இருப்பதாலா, அல்லது எந்தப் பட்டியலிலும் இல்லாத புதுவகை என்பதாலா? மூன்றாவது காரணம் இருந்தால் தொகை வரம்புக்குள் இருந்தாலும் அனுப்புவதே முறை.

5. சுருக்கம்: ஒரு மாதிரி

அலுவலகத்தில் நாம் ஆங்கிலத்தில்தான் அனுப்புகிறோம் என்றாலும் அமைப்பு புரிவதற்காகத் தமிழிலேயே தருகிறேன். இணைப்புகளைத் திறக்காமலே முடிவெடுக்க முடிய வேண்டும் என்பது அளவுகோல். அவர் கைப்பேசியில் படிக்கக்கூடும் என்பதால் அட்டவணை வேண்டாம்.

> தலைப்பு: முடிவு தேவை, 26ஆம் தேதிக்குள்: லித்தியம் பேட்டரிக் கிடங்கு, விச்சூர், 23 கோடி, தீக் காப்பீடு
>
> வணக்கம் மேடம்,
>
> கீழ்க்கண்ட ரிஸ்க்கை நிபந்தனைகளுடன் ஏற்க அனுமதி கோருகிறேன். தொகை கிளை வரம்பைத் தாண்டுகிறது. லித்தியம் பேட்டரிக் கிடங்கு நம் தொழில்வகைப் பட்டியலில் தனியாக இல்லை. தற்போதைய பாலிசி (வேறு நிறுவனம்) 30ஆம் தேதி நள்ளிரவு முடிகிறது.
>
> என்ன: மின்சார ஆட்டோ பேட்டரி பேக் விநியோகஸ்தரின் வாடகைக் கிடங்கு. இரண்டு தகரக் கூரை ஷெட்டுகள். கேட்ட தொகை 15 கோடி. ஸ்டாக் ஸ்டேட்மென்ட்படி உச்சம் 23 கோடி (சரக்கு 22, ரேக்குகள் 1).
>
> வழக்கத்துக்கு மாறானது: பிரபோசலில் சொல்லப்படாத, வாரண்டியில் திரும்பிய சுமார் 180 பேக்குகள் இரண்டாவது ஷெட்டுக்குள் உள்ளன. சில உப்பியுள்ளன. சார்ஜ் நிலை தெரியாது (படங்கள் 3 முதல் 6).
>
> பி.எம்.எல்.: 23 கோடி, 100 சதவீதம். ஷெட்டுகளுக்கு இடையே 3 மீட்டர், கூரையிட்டு மரப் பேலட்டுகள் வைக்கப்பட்டுள்ளன. தீத்தடுப்புச் சுவர் இல்லை.
>
> வெள்ளம்: பக்கத்துச் சுவரில் கறை சுமார் இரண்டரை அடி. கீழ்த்தட்டு ஆறு அங்குல உயரத்தில்.
>
> பாதுகாப்பு: பவுடர் சிலிண்டர்கள் மட்டும். ஹைட்ரன்ட், ஸ்பிரிங்க்ளர் இல்லை. இரவில் ஒரு வாட்ச்மேன். தீயணைப்பு வண்டி வர நெரிசல் நேரத்தில் சுமார் 25 நிமிடம்.
>
> இழப்பு வரலாறு: ஐந்தாண்டில் இல்லை (முந்தைய நிறுவனத்தின் கடிதம் இணைப்பு).
>
> தெரியாதவை: திரும்பிய பேக்குகள் மாதம் எத்தனை வருகின்றன; வடக்குப் பக்கக் கிடங்கில் என்ன உள்ளது (பூட்டியிருந்தது).
>
> என் பரிந்துரை: திரும்பிய பேக்குகளை வெளியேற்றிய பிறகே பொறுப்பேற்பது. 23 கோடிக்கு, ஆயிரத்துக்கு 2.50. முழு விவரம் கீழே.

‘தெரியாதவை’ என்ற பகுதியைத்தான் புதியவர்கள் எழுதத் தயங்குகிறார்கள். அது உங்கள் வேலையின் குறையாகத் தெரியும் என்ற பயம். ஆனால் அனுபவமுள்ள அண்டர்ரைட்டர் அந்தப் பகுதியை வைத்துத்தான் மற்ற பகுதிகளை நம்பலாமா என்று எடைபோடுகிறார். பூட்டியிருந்த கிடங்கைப் பூட்டியிருந்தது என்று எழுதுபவர், சிலிண்டரைப் பார்த்தேன் என்று எழுதினால் உண்மையிலேயே பார்த்திருப்பார் என்று எடுத்துக்கொள்வார்.

‘பாதுகாப்பு ஏற்பாடுகள் திருப்திகரம்’, ‘பராமரிப்பு நன்று’ போன்ற வாக்கியங்களை அறவே தவிர்த்துவிடுங்கள். யாருக்குத் திருப்தி, எதை வைத்து என்ற கேள்விதான் திரும்பி வரும். ‘ஒன்பது சிலிண்டர்களில் நான்கின் ரீஃபில் தேதி கடந்துவிட்டது’ என்பது ஒரு வரிதான். ஆனால் அந்தக் கிடங்கு எப்படி நடத்தப்படுகிறது என்பதை அது சொல்லிவிடும்.

6. பாலிசி வாசகத்தை எடுத்துப் பொருத்திப் பார்ப்பது

ரிஸ்க்கைப் பற்றி எழுதிவிட்டு, எந்தப் பாலிசி வாசகத்தில் கொடுக்கப் போகிறோம் என்பதை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஓரிடத்தில் காப்பீடு செய்யக்கூடிய சொத்தின் மதிப்பு 5 கோடிக்கு மேல் 50 கோடி வரை இருந்தால், 2021 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள பாரத் லகு உத்யம் சுரக்ஷா பாலிசியின் கீழ் வரும். நம் கேஸ் அதற்குள் அடங்குகிறது. அதற்கு மேலே போனால் வேறு தீக் காப்பீட்டு வாசகம்.

பேட்டரி விஷயத்தில் இது வெறும் பெயர் வேறுபாடு இல்லை. நெடுங்காலமாகப் புழங்கும் ஸ்டாண்டர்டு தீக் காப்பீட்டு வாசகத்தில், ஒரு பொருள் தானே சூடேறியோ தானே தீப்பற்றியோ தனக்கு ஏற்படுத்திக்கொண்ட சேதம் விலக்கப்பட்டிருக்கும். கூடுதல் பிரீமியம் வாங்கித்தான் அதைச் சேர்ப்பார்கள். ஒரு பேக்கின் உள்ளே தொடங்கும் தீ இதில் எங்கே வருகிறது என்பது இழப்பீட்டு நேரத்தில் பெரிய வழக்காக மாறக்கூடியது. ஆகவே நீங்கள் கொடுக்கவிருக்கும் வாசகத்தில் தீ என்ற ஆபத்தின் விளக்கத்தைத் திறந்து, அந்த வரியை அப்படியே மின்னஞ்சலில் ஒட்டி, தானே தீப்பற்றுவது உள்ளே வர வேண்டுமா வெளியே நிற்க வேண்டுமா என்று தெளிவாகக் கேளுங்கள். ரீஇன்சூரன்ஸ் ட்ரீட்டியில், அதாவது மறுகாப்பீட்டு நிறுவனங்களோடு நம் நிறுவனம் செய்துகொண்ட பொது ஒப்பந்தத்தில், பேட்டரிக் கிடங்குக்கு விலக்கு ஏதும் உண்டா என்பதையும் அதே பத்தியில் கேட்டுவிடலாம். கிளைக்கு ட்ரீட்டி வாசகம் தெரிய வாய்ப்பில்லை. கேள்வியை எழுப்புவது மட்டுமே உங்கள் பொறுப்பு.

7. உங்கள் பரிந்துரை

‘தங்கள் முடிவுக்கு விடுகிறேன்’ என்று முடிக்கும் மின்னஞ்சல் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு பரிந்துரையை வைத்தால் அவர் அதைத் திருத்துவார். திருத்துவது புதிதாக யோசிப்பதைவிட விரைவானது.

நம் கேஸில் நிபந்தனைகள் நான்கு. திரும்பி வந்த பேக்குகள் இரண்டு ஷெட்டுகளிலிருந்தும் குறைந்தது 15 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில், கூரை மட்டும் உள்ள தனி இடத்தில் இருக்க வேண்டும், பதினைந்து நாளுக்கு ஒரு முறை தயாரிப்பாளருக்கு அனுப்பப்பட வேண்டும். ஷெட்டுகளுக்கு நடுவிலுள்ள கூரையும் பேலட்டுகளும் அகற்றப்பட வேண்டும். ஷெட்டுக்குள் எந்தப் பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றக் கூடாது. கீழ்த்தட்டு தரையிலிருந்து மூன்றடிக்கு உயர்த்தப்பட வேண்டும். நிபந்தனை எழுதும்போது, நிறைவேறிவிட்டதா என்று ஒரு படத்தைப் பார்த்துச் சொல்லிவிடக்கூடியதாக எழுதுங்கள். ‘போதிய தீத்தடுப்பு ஏற்பாடு செய்ய வேண்டும்’ என்பது நிபந்தனையே இல்லை, அதை வைத்து இழப்பீட்டு நேரத்தில் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

பணக் கணக்கையும் காட்டுங்கள். 23 கோடிக்கு ஆயிரத்துக்கு 2.50 என்றால் பிரீமியம் 5,75,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,03,500, ஆக 6,78,500. வாடிக்கையாளர் இப்போது கட்டுவது 15 கோடிக்கு ஆயிரத்துக்கு 1 ரூபாய், அதாவது வரிக்கு முன் 1,50,000. ஏறக்குறைய நான்கு மடங்கு. இந்த ஒப்பீட்டை மறைக்காமல் எழுதினால்தான், வாடிக்கையாளர் பேரம் பேசினால் எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்று மூத்த அண்டர்ரைட்டர் முன்கூட்டியே சொல்லுவார். ரேட்டில் சற்று இறங்கலாம், திரும்பி வந்த பேக்குகள் விஷயத்தில் இறங்க முடியாது என்று என் கருத்தாகச் சேர்த்தேன். டிடக்டபிள், அதாவது ஒவ்வொரு இழப்பிலும் வாடிக்கையாளர் தானே ஏற்கும் பகுதி, இழப்பில் 5 சதவீதம், குறைந்தது 10 லட்சம் என்று வைத்தேன். இந்த எண்கள் எல்லாம் இந்த ஒரு கேஸுக்கானவை. உங்கள் நிறுவனத்தின் ரேட்டையும் வரம்பையும் அதன் சுற்றறிக்கையில்தான் பார்க்க வேண்டும்.

8. நாள் கணக்கும் மூன்று பொறிகளும்

பாலிசி முடிய நான்கு நாள் இருக்கும்போது ரெஃபரல் அனுப்பினால் கிடைப்பது பெரும்பாலும் மறுப்புதான். ரீஇன்சூரன்ஸில் இந்த ஒரு ரிஸ்க்குக்கு மட்டும் தனியாக, ஃபாகல்டேட்டிவ் ஆதரவு என்பார்கள், தேட வேண்டியிருந்தால், அதற்கே ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். பிரபோசல் வந்த அன்றே இரண்டு வரியில் ஒரு முன்னறிவிப்பு அனுப்பி, முழு விவரம் இத்தனையாம் தேதி வரும் என்று சொல்லிவைப்பது நல்ல பழக்கம்.

முதல் பொறி, வாய்வார்த்தை. பதில் வரும் முன் புரோக்கர் போன் செய்து, ‘கவர் இருக்குன்னு எடுத்துக்கலாமா?’ என்று கேட்பார். காப்பீட்டுச் சட்டம் 1938இன் 64 வி.பி. பிரிவின்படி பிரீமியம் முன்கூட்டியே வராமல் ரிஸ்க் தொடங்காது. அதனால் செக் வாங்கி வைத்துக்கொண்டால் பத்திரம் என்று நினைப்பார்கள், அதுவும் ஆபத்துதான். அனுமதி வரும் முன் பிரீமியத்தை வாங்கி ரசீது போட்டால், நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்று வாதிட வாடிக்கையாளருக்கு ஓர் ஆதாரத்தை நாமே கொடுத்ததாகிவிடும். அனுமதி எழுத்தில் வந்த பிறகே பணம்.

இரண்டாவது, மின்னஞ்சல் தொடர். மேலிடம் அனுப்பிய பதிலை அப்படியே புரோக்கருக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள். கீழே உங்கள் பி.எம்.எல். கணக்கும், எதில் விட்டுக்கொடுக்கலாம் என்ற வரியும் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். புதிய மின்னஞ்சலில் நிபந்தனைகளை மட்டும் தட்டச்சு செய்து அனுப்புங்கள்.

மூன்றாவது பொறிதான் பெரியது. நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றை எழுதாமல் விட்டால், நிறுவனத்துக்கு அது தெரியாது என்று பின்னால் சொல்ல முடியாமல் போகலாம். திரும்பி வந்த பேக்குகளைக் கிளை அதிகாரி பார்த்தார், படமும் எடுத்தார், ஆனால் பாலிசி வழக்கம்போலக் கொடுக்கப்பட்டது என்றால், பிறகு வாடிக்கையாளர் மறைத்தார் என்று சொல்லி இழப்பீட்டை எப்படி மறுப்பது? உங்கள் கைப்பேசியில் இருக்கும் படம் நிறுவனத்தின் அறிவாகவே எடுத்துக்கொள்ளப்படக்கூடும். அதனால் பார்த்தது அனைத்தும் அந்த மின்னஞ்சலில் இருக்க வேண்டும். வாடிக்கையாளரிடமும் பிரபோசலைத் திருத்தி, ‘லித்தியம் அயான் பேட்டரிகள், திரும்பி வந்தவை உட்பட’ என்று எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

9. பதில் வந்த பிறகு

‘ஓகே, புரொசீட்’ என்று மட்டும் பதில் வந்தால், எதற்கு ஓகே என்று கேட்டு எழுதுங்கள்: ரேட்டுக்கா, நிபந்தனைகளுக்கா, 23 கோடிக்கா, தானே தீப்பற்றுவதைச் சேர்ப்பதற்கா? மூத்தவர்களிடம் மறுபடி கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டியதில்லை. ஆடிட்டில் அந்த ஒரு வரி இல்லாவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

நம் கேஸில் ரேட்டை 2.25ஆகக் குறைத்து, டிடக்டபிளைக் குறைந்தது 15 லட்சமாக உயர்த்தி அனுமதி வந்தது. பிரீமியம் 5,17,500, வரியுடன் 6,10,650. திரும்பி வந்த பேக்குகளை நகர்த்திய பிறகு எடுத்த படம், தேதியும் இடமும் பதிவானதாக வேண்டும் என்று ஒரு வரியும் இருந்தது. வாடிக்கையாளர் இரண்டு நாளில் நகர்த்தினார். நடுவிலிருந்த தகரக் கூரையை எடுக்க மட்டும் கட்டட உரிமையாளரின் சம்மதம் தேவைப்பட்டதால், அதற்குப் பதினைந்து நாள் அவகாசம் கேட்டு, மேலிடத்திலிருந்து எழுத்தில் வாங்கி, பாலிசியிலும் அந்தத் தேதியைச் சேர்த்தோம்.

கோப்பில் ரெஃபரல் மின்னஞ்சல், பதில், திருத்திய பிரபோசல், படங்கள், பன்னிரண்டு மாத ஸ்டாக் ஸ்டேட்மென்ட், இழப்பு வரலாற்றுக் கடிதம் ஆகியவை ஒன்றாக இருக்கட்டும். காலண்டரில் இரண்டு குறிப்புகள் போட்டுவையுங்கள். அவகாசம் முடியும் நாளில் கூரை போய்விட்டதா என்று நேரில் பார்ப்பது ஒன்று. செப்டம்பர் முதல் வாரத்தில், சரக்கு ஏறத் தொடங்கும்போதும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும், இன்னொரு முறை விச்சூருக்குப் போய் நீலத் தார்ப்பாய் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது மற்றொன்று. பழைய இடத்துக்கே அது திரும்பியிருந்தால், அன்று மாலையே அதே மின்னஞ்சல் தொடரில் புதிய படத்துடன் மூத்த அண்டர்ரைட்டருக்கு எழுத வேண்டும்.